ஒரு வாரத்துக்கு ஒரு மாத்திரை

அவர் என் கழுத்தைப் பிடித்தபோது என் வாயில் டீ இருந்தது. அது மூக்கில் ஏறி, கண்ணில் தண்ணீர் வந்து, எதிரே நிற்பவரின் முகமே தெரியாமல் போய்விட்டது. முதுகு சுவரில் மோதியதும் பின்னால் இருந்த காலண்டர் ஆணியோடு பிடுங்கிக்கொண்டு விழுந்தது. பட்டப்பகல், பதினோரு மணி. நான் வேலை பார்க்கும் அச்சகத்தில் மிஷின் ஓடிக்கொண்டிருந்ததால் நான் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை.

"நீதான படிச்சு கையெழுத்து போடறவ? படிடி. இப்ப படி."

என் முகத்துக்கு நேராக ஒரு தாளை நீட்டினார். மாத்திரைப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைக்கிற தாள். அதில் ரத்தம் இருந்தது. அது அவருடைய கை ரத்தம் என்று பிறகு தெரிந்தது. எங்கள் அச்சகத்துக்கு வருவதற்கு முன்பே மாத்திரை விற்ற மெடிக்கலில் கண்ணாடி அலமாரியைக் கையாலேயே குத்தி உடைத்திருக்கிறார். கடைக்காரர் தப்பித்தால் போதும் என்று தாளின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் அச்சகத்தின் பெயரைக் காட்டிவிட்டிருக்கிறார். திருவேட்டக்குடிக்காரர், கடலுக்குப் போகிறவர். அந்தக் கைக்கு என் கழுத்து எம்மாத்திரம்.

என் வேலை இதுதான். மருந்து கம்பெனிக்காரர்கள் பெட்டிக்குள் வைக்கும் தாளை எங்களிடம் அச்சடிக்கிறார்கள். அச்சுக்குப் போவதற்கு முன் நான் பிழை பார்ப்பேன். கம்பெனி ஒப்புதல் கொடுத்த பிரதியை ஒருத்தி உரக்கப் படிக்க, நான் ப்ரூஃபில் எழுத்துக்கு எழுத்து விரலை வைத்துக்கொண்டு போவேன். எண்களை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். இரண்டு புள்ளி ஐந்து என்றால் புள்ளியையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்தப் புள்ளி தேய்ந்து காணாமல் போனால் இரண்டரை மில்லிகிராம் இருபத்தைந்தாகிவிடும். எச்சரிக்கைக் கட்டம் முழுதாக இருக்கிறதா, பதிப்பு எண் சரியா, ஓரத்துப் பட்டைக் கோடு சரியா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவேன். பத்தொன்பது வருஷம். ஒரு கால் விட்டுப்போனதென்று யாரும் என்னைக் குறை சொன்னதில்லை. அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு.

அதனால் கழுத்து நெரிபடும்போதும் எனக்குக் கோபம்தான் வந்தது. என் தாளில் பிழை இருக்காது. அவர் காட்டிய வரியைப் படித்தேன்.

"ஒரு வாரத்துக்கு ஒரு மாத்திரை."

"சரியாத்தானே இருக்கு," என்றேன்.

அவர் பிடியை விட்டார். சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து என் கன்னத்தில் வைத்து அழுத்தினார். பத்துக் குழி. ஏழு காலி, மூன்று நிறைந்திருந்தது.

"நான் படிக்கிறேன், கேளு. ஒரு வாரத்துக்கு... ஒரு மாத்திரை. ஏழு நாளு, ஏழு மாத்திரை. நான் என் கையால குடுத்தேன். காய்ச்சலுக்குப் போனா மூணு நாளைக்கு ஒரு மாத்திரைங்கிறான். அப்ப மூணு நாளும் போடறமா, மூணு நாளைக்கு ஒரு தடவை போடறமா? சொல்லு."

வாரத்துக்கு என்ற சொல்லுக்குப் பிறகு அவர் சற்று நிறுத்தினார். அவ்வளவுதான் வித்தியாசம். நான் நிறுத்தாமல் படித்தால் வாரம் ஒன்று. அவர் நிறுத்திப் படித்தால் ஒரு வாரம் முழுக்கத் தினம் ஒன்று. எழுத்து அதே எழுத்து. அந்த வரியை நான் எத்தனை முறை விரல் வைத்துப் படித்திருப்பேன் என்று கணக்கே கிடையாது. ஒரு தடவைகூட என் காதில் அது விழவில்லை.

அது மூட்டு வாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட். வாரத்தில் ஒரே ஒரு நாள் போட வேண்டிய மாத்திரை. தினம் போட்டால் உடம்பில் புது ரத்தம் ஊறுவதை நிறுத்திவிடும். வாயெல்லாம் புண்ணாகும், காய்ச்சல் வரும், எங்கிருந்தாவது ரத்தம் கசியும். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் இன்னும் மோசம். இதெல்லாம் அந்தத் தாளின் பின்பக்கத்திலேயே இருக்கிறது. அதையும் நான்தான் பிழை பார்த்தேன்.

"எம் பொண்டாட்டி வாயில தோலே இல்ல," என்றார். "தண்ணி குடுத்தா ரத்தமா துப்புறா. நீ இதத் தின்னு."

தாளைக் கசக்கி என் வாய்க்குள் திணித்தார். பல்லில் அவர் விரல் பட்டது. நான் கடித்தேன். அதற்குள் மிஷின் ஆட்கள் மூன்று பேர் ஓடிவந்துவிட்டார்கள். ஒருவன் காகிதக் கட்டு அடியில் வைக்கும் மரச்சட்டத்தால் அவர் முதுகில் போட்டான். விழுந்தவரை மற்ற இருவரும் மிதித்தார்கள். காலால் உதைத்தார்கள், கையில் கிடைத்ததால் அடித்தார்கள். அவர் கையைக்கூடத் தூக்கவில்லை. முன்பல் ஒன்று தரையில் கிடந்தது. நான் வாயிலிருந்து தாளைத் துப்பிவிட்டு, விடுங்கடா, விடுங்கடா என்று கத்தினேன். என்னைக் காப்பாற்றுகிற உற்சாகத்தில் யாருக்கும் அது கேட்கவில்லை.

மேனேஜர் போலீசைக் கூப்பிடப் போனார். நான் போனைப் பிடுங்கிக்கொண்டேன்.

"கழுத்துல விரல் தடம் பதிஞ்சிருக்கு. கம்ப்ளெயிண்ட் குடுக்காம என்னக்கா பண்ணுவீங்க?"

"அவர் சொன்னது சரி. அந்த வரி தப்பு."

"நம்ம தப்பு இல்லல்ல? மாஸ்டர் காப்பில என்ன இருக்கோ அதுதான நம்ம தாள்ல இருக்கு."

மேனேஜர் சொன்னது முழுக்க உண்மை. ஒப்புதல் பெற்ற வாசகத்தை அச்சகம் ஒரு புள்ளிகூட மாற்றக் கூடாது. சந்தேகம் வந்தால் வினாத்தாள் எழுதி அனுப்பலாம், கம்பெனி பார்த்துப் பதில் சொல்லும், மாற்றினால் புதுப் பதிப்பு எண் போட்டு வரும். அவ்வளவுதான் எங்கள் அதிகாரம். அந்த வாக்கியத்துக்குள் இத்தனை வருஷம் நானும் வசதியாகக் குடியிருந்தேன். ஆனால் அந்தப் பதினோரு மணிக்கு மிஷினில் ஓடிக்கொண்டிருந்தது அதே தாள். அடுத்த பேட்சுக்கு. சாயங்காலம் வண்டி வரும்.

"மிஷினை நிறுத்துங்க," என்றேன்.

"வினாத்தாள் எழுதுங்க. பதில் வரட்டும். இன்னிக்கு லோடு போயே ஆகணும்."

"போனா இன்னொருத்தி ரத்தம் துப்புவா."

"அக்கா, இதெல்லாம் கம்பெனி தலைவலி."

நான் மிஷினிடம் போனேன். ஓட்டுபவன் கையைத் தட்டிவிட்டு சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். உருளை நின்றதும், தாள் நறுக்கும் கத்தியை எடுத்து உருளையில் சுற்றியிருந்த, எழுத்து பதிந்த அலுமினியத் தகட்டில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்தேன். ஒரு தடவை போதும். நான் ஏழெட்டுத் தடவை இழுத்தேன். கத்தி வழுக்கி என் பெருவிரல் கிழிந்தது. மேனேஜர் என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். பக்கத்து மேசையில் கிடந்த இரும்பு அடிஸ்கேலை மற்றக் கையால் எடுத்து அவர் காதோடு சேர்த்து ஒன்று விட்டேன். வயதில் எனக்குச் சின்னவர். தினமும் எனக்கு டீ வரவழைத்துக் கொடுப்பவர். காதைப் பிடித்துக்கொண்டு அவர் கீழே உட்கார்ந்துவிட்டார். பாவம் என்று பிறகு தோன்றியது, அப்போது தோன்றவில்லை.

தகடு போனதால் அன்றைக்கு லோடு போகவில்லை. நான் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு கம்பெனியின் தரப் பிரிவு அதிகாரிக்குப் போன் போட்டேன். என் மகள் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. நடந்ததைச் சொன்னேன்.

"அந்த வரிய இன்னொரு தடவை படிங்கக்கா," என்றாள்.

படித்தேன். நிறுத்தாமல் ஒருமுறை, நிறுத்தி ஒருமுறை. "ஐயோ" என்று மட்டும் மெதுவாகச் சொன்னாள். கடைகளுக்குப் போன பெட்டிகளைத் திரும்ப எடுக்க ஆளனுப்புகிறேன், எழுத்தில் எல்லாம் வேண்டும், உடனே அனுப்புங்கள் என்றாள். அனுப்பினேன்.

அன்று சாயங்காலம் தருமபுரத்தில் எங்கள் தெருவில் வீடு வீடாகப் போய் அந்தத் தாளை நீட்டி, எப்படிப் போடுவீர்கள் என்று கேட்டேன். பாதிப் பேர் ஒரு மாதிரியும் பாதிப் பேர் ஒரு மாதிரியும் சொன்னார்கள். ரெண்டு வீடு தள்ளி, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் பெரியவர் இருக்கிறார். அவர் மட்டும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை முறைத்தார். "இது பர் செமேனா, பந்தான் உய்ன் செமேனா? முதல்ல அதச் சொல்லு. வாரா வாரமா, ஒரு வாரம் பூராவா? ரெண்டும் வேற வேற." பிரெஞ்சில் யோசிப்பவருக்கு உடனே தட்டுப்பட்டது. தமிழில் பிறந்து தமிழில் சம்பளம் வாங்கும் எனக்குத் தட்டுப்படவில்லை. வீட்டுக்கு வந்து சமைக்க எடுத்த பாத்திரத்தைச் சுவரில் அடித்தேன். அந்தச் சொட்டை இன்னும் இருக்கிறது.

மறுநாள், மாத்திரை சாப்பிட்ட அந்த அம்மா இருந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். உள்ளே விடவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். உதடு இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாகப் பொருக்கு. அந்த மருந்துக்கு மாற்று மருந்து உண்டு, ஏற்றிக்கொண்டிருந்தார்கள், ஆனால் ரொம்பத் தாமதம் என்று நர்ஸ் சொன்னார். கணவர் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது, கையில் கட்டு. என்னைப் பார்த்தார். எழுந்து வந்து அடிப்பார் என்று நினைத்தேன், அடித்தால் தேவலை என்றும் நினைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாலாம் நாள் அந்த அம்மா இறந்துபோனார்.

என்னை அச்சகத்திலிருந்து நிறுத்தினார்கள். புது வாசகத்தை நான்தான் பார்க்க வேண்டும் என்று அந்தப் பெண் அதிகாரி அடம் பிடித்ததால் திரும்பச் சேர்த்தார்கள். மேனேஜர் மூன்று மாதம் என்னோடு பேசவில்லை.

புதுத் தாள் வந்தது. வாரத்துக்கு என்ற சொல்லே அதில் இல்லை. வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் என்று தடித்த எழுத்தில் இருந்தது. அதன் கீழே தினமும் சாப்பிடக் கூடாது என்று எச்சரிக்கை. அடுத்து ஒரு வெற்றுக் கட்டம், உங்கள் கிழமை என்று. மருந்து கொடுப்பவர் அதில் கிழமையை எழுத வேண்டும். அச்சுக்கு முன் மருந்தைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிச் சோதிக்க வேண்டும் என்றாள் அதிகாரி. சரியா தப்பா என்று நாம் சொல்லக் கூடாது. முகத்திலும் காட்டக் கூடாது. எப்படிப் போடுவீர்கள் என்று கேட்டு, அவர்கள் வாயால் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும்.

"கடைசியா ஒருத்தர்கிட்ட போகணும்," என்றேன். யாரிடம் என்று அவள் கேட்கவில்லை.

திருவேட்டக்குடியில் அவர் வீட்டு வாசலில் வலை குவிந்து கிடந்தது. எங்களைப் பார்த்ததும் அவர் கையிலிருந்த வலை பின்னும் ஊசியைக் கீழே வைத்தார். நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். வாயைத் திறந்தபோது முன்பல் இல்லாத இடம் தெரிந்தது.

"நான் படிச்சு என்ன ஆகப்போவுது?"

"நீங்க தப்பாப் படிச்சா இது அச்சுக்குப் போகாது," என்றேன்.

கையைத் தொடையில் துடைத்துக்கொண்டார். பிறகு கையை நீட்டினார். பெட்டியில் இருப்பதுபோலவே மடித்த தாளை அதிகாரி கொடுத்தாள். அவர் ஒரு மடிப்பை மட்டும் பிரித்தார். படித்தார். அவர் முகம் மாறியது.

"என்ன போட்டுருக்கு தெரியுமா? தினமும் சாப்பிட. தினமும் சாப்பிடன்னு போட்டுருக்கு."

தடித்த வரி இன்னும் பிரிக்காத மடிப்புக்குள் இருந்தது. அவர் பிரித்த மடிப்பில் வரி 'தினமும் சாப்பிடக்' என்று முடிந்திருந்தது. 'கூடாது' மடிப்புக்குக் கீழே, அடுத்த பக்கத்தில் இருந்தது. தமிழில் வேண்டாம் என்பது கடைசியில்தான் வரும். நான் எப்போதும் ப்ரூஃபை மேசையில் விரித்து, நாலு மூலையிலும் எடைக்கல் வைத்துத்தான் படிப்பேன். பத்தொன்பது வருஷத்தில் ஒரு தாளைக்கூட மடித்துப் பார்த்ததில்லை.

அவர் தாளைக் கிழித்து என் முகத்தில் அடித்தார். பிறகு என் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து வலைக் குவியலில் தள்ளினார். ஈயக்குண்டு ஒன்று என் புருவத்தில் இடித்தது. அதிகாரி அலறிக்கொண்டு குறுக்கே வந்தாள். நான் அவளைத் தடுத்தேன்.

"எத்தன பேர கொல்லுவீங்க? எத்தன பேர?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் கத்தவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. நான் வலையில் கிடந்தபடியே அழுதேன். மன்னிப்பு கேட்கும் தகுதி எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.

திரும்பும் வழியில் அதிகாரி வண்டியை நிறுத்தி, தன் குறிப்பேட்டில் அவர் சொன்னதை அப்படியே எழுதினாள். தினமும் சாப்பிட. பக்கத்தில் தோல்வி என்று எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினாள். என் புருவத்து ரத்தம் அந்தப் பக்கத்தில் ஒரு சொட்டு விழுந்தது. வேறு பக்கத்தில் எழுதவா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

எச்சரிக்கையை மாற்றி, முதலில் கண்ணில் படும்படி போட்டோம். 'தினமும் வேண்டாம்' என்று இரண்டே சொல், தனிக் கட்டம், கட்டத்தின் குறுக்கே மடிப்பு வரக் கூடாது என்று குறிப்பு. மற்ற ஆறு நாளும் இந்த மாத்திரையைத் தொட வேண்டாம் என்று அடுத்த வரி. நான் அதை விரித்துப் படித்தேன், மடித்துப் படித்தேன், பாதி பிரித்துப் படித்தேன், தலைகீழாகப் பிடித்துப் படித்தேன். மிஷின்காரர்கள் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றார்கள். ஒருவனை அதற்காகவே அறைந்தேன். அவரை மரச்சட்டத்தால் அடித்தவன் அவன்தான்.

மூன்றாவது வாரம் மறுபடி போனோம். இந்த முறை அவர் வாசலிலேயே காத்திருந்தார். தாளை வாங்கினார். ஒரு மடிப்பு மட்டும் பிரித்தார்.

"தினமும் வேண்டாம்," என்று படித்தார். அடுத்த மடிப்பைப் பிரித்தார். "வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டும்." நிறுத்திப் படித்துப் பார்த்தார். நிறுத்தாமலும் படித்துப் பார்த்தார். ஒரே அர்த்தம்தான் வந்தது.

அதிகாரி கையில் கேள்வித்தாள் இருந்தது. எல்லோரிடமும் ஒரே சொற்களில் கேட்க வேண்டும் என்பது விதி. அதை அவளுக்குத் தயாரித்துக் கொடுத்தவள் நான்தான். கேள்வியில் பிழை பார்த்தேனே தவிர, யாரிடம் கேட்கப்போகிறோம் என்று யோசிக்கவில்லை. அவள் பாதி கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

"உங்க வீட்ல ஒருத்தருக்கு டாக்டர் இந்த மாத்திரை எழுதியிருக்காருன்னு வச்சுக்குங்க..."

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன், அடிக்குத் தயாராக.

"கேளும்மா," என்றார்.

"...எப்படி குடுப்பீங்க?"

"ஒரு நாள் குடுப்பேன். மத்த ஆறு நாள் அட்டைய எடுத்து மேல வச்சிருவேன். அவ கேட்டாலும் குடுக்க மாட்டேன்."

அதிகாரி எழுதிக்கொண்டாள். "இந்தக் கட்டத்துல கிழமைய எழுதிக் காட்டுங்க," என்று பேனாவைக் கொடுத்தாள். அவர் தாளைத் தொடையில் வைத்துக்கொண்டு, தழும்பு விழுந்த கையால், ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். செவ்வாய் என்று எழுதியிருந்தார்.

"அன்னிக்குத்தான் மொத மாத்திரை குடுத்தேன்," என்றார். "அடுத்த செவ்வாயிக்கு அவளால வாயத் தெறக்க முடியல."

தாளை மடிப்பு மாறாமல் மடித்து என் கையில் வைத்தார். அதிகாரி தேர்ச்சி என்று எழுதினாள். நான் கையெழுத்துப் போட்டேன்.